பல்ப்பரும் பத்துக் கேள்வியும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அஸ்தம்பட்டியில் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். அக்கா மகள் போனை நீட்டினாள். பி.காம். படிக்கிறாள். தேய்மானம் பற்றிக் கல்லூரியில் கொடுத்த ஸ்லைடுகள், மொத்தம் 38 பக்கம். "மாமா, இதுல இருந்து பத்து கேள்வி போட்டுக் குடுங்க, விடையோட. அடுத்த திங்கக்கிழமை இன்டர்னல்." ஆடிட்டர் ஆபீசில் பதினோரு வருஷமாகத் தேய்மான அட்டவணை போடுகிறவனுக்குப் பத்துக் கேள்வி ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். மூன்று சாயங்காலம் ஆனது.

முதல் சாயங்காலம் வீண். ஸ்லைடைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் இருக்கிற வரிகளையே கேள்வியாகத் திருப்பிப் போட்டேன். நேர்கோட்டு முறையில் ஆண்டுதோறும் தேய்மானத் தொகை எப்படி இருக்கும்? மாறாது. குறைந்து செல் மதிப்பு முறையில்? குறைந்துகொண்டே போகும். நிலத்துக்குத் தேய்மானம் உண்டா? கிடையாது. அவள் எட்டு நிமிஷத்தில் முடித்து, பத்துக்குப் பத்து வாங்கிவிட்டாள். சரி என்று சும்மா ஒரு கணக்கு சொன்னேன்: ஒரு மெஷின், அக்டோபரில் வாங்கினது, லாரி வாடகை தனி. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

அப்புறம்தான் ஸ்லைடை ஒழுங்காகப் பார்த்தேன். ஒவ்வொரு முறைக்கும் ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. எல்லா மெஷினும் கணக்காண்டின் முதல் நாளிலேயே வாங்கப்பட்டிருந்தது. எதற்கும் லாரி வாடகை இல்லை, எதையும் நடுவில் விற்கவில்லை. இரண்டு இடத்தில் ரூபாய் குறி போட மறந்து டாலர் அப்படியே இருந்தது. வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தது என்று தெரிந்துபோயிற்று. வகுப்பில் முறையைக் காட்டுவதற்கு இப்படிப்பட்ட சுத்தமான கணக்கு போதும், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பயிற்சிக்கு ஆகாது. பரீட்சைக் கணக்கில் மெஷின் எப்போதும் ஆண்டின் நடுவில்தான் வரும்.

பத்துக் கேள்விக்குப் பத்து மெஷின் வேண்டாம், ஒரே மெஷினைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று முடிவு செய்தேன். மெஷினும் உடனே ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் ஆபீஸ் கணக்குப் பார்க்கிற ஒரு சின்ன காப்பி எஸ்டேட் ஏற்காட்டில் இருக்கிறது. ஸ்டாக் பார்க்கப் போனபோது அங்கே பல்ப்பரைப் பார்த்திருக்கிறேன். காப்பிப் பழத்தின் மேல்தோலைப் பிதுக்கி எடுத்துவிட்டுக் கொட்டையைத் தனியாகத் தள்ளுகிற மெஷின். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் வருகிற காலத்தில் ஓடும். மீதி மாதமெல்லாம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும். கேள்வி போடுகிறவனுக்கு இதைவிட நல்ல மெஷின் கிடைக்காது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தொகைகளை நானே வைத்துக்கொண்டேன், கணக்குக்கு வசதியாக. மெஷின் விலை 1,80,000 ரூபாய். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக லாரி வாடகை 8,000. காங்கிரீட் மேடை போட்டு, மோட்டாருக்கு ஒயரிங் இழுத்து நிறுத்த 12,000. முதல் வருஷ இன்சூரன்ஸ் 3,000. 2022 அக்டோபர் 1 அன்று வாங்கியது. கணக்கு முடிகிற நாள் மார்ச் 31.

முதல் கேள்வி, அடக்க விலை எவ்வளவு? 2,00,000. மெஷினை அது வேலை செய்ய வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்து, வேலை செய்கிற நிலையில் நிறுத்துகிற வரைக்கும் ஆன செலவெல்லாம் அடக்கத்தில் சேரும். இன்சூரன்ஸ் அந்த வருஷத்துச் செலவு, அதனால் சேராது. அதைச் சேர்த்தால் 2,03,000. மேடையும் ஒயரிங்கும் சேர்க்காமல் விட்டால் 1,88,000. எதையுமே சேர்க்காவிட்டால் 1,80,000. தேர்ந்தெடுக்கக் கொடுத்த நான்கு விடையும் இப்படித்தான் வந்தன. வாய்க்கு வந்த எண்ணை எழுதவில்லை, ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை உண்மையாகவே செய்யக்கூடிய தப்பு. இந்த ஒரு விதியைத்தான் கடைசி வரைக்கும் பிடித்துக்கொண்டேன்: எந்தத் தப்பைச் செய்தால் அந்த எண் வரும் என்று என்னால் சொல்ல முடியாவிட்டால், அந்த எண் தாளில் இருக்கக் கூடாது.

இரண்டாம் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். பயனளிக்கும் காலம் 6 ஆண்டு, அது முடிந்து விற்றால் கிடைக்கிற இறுதி மதிப்பு 20,000 என்று முதலில் வைத்திருந்தேன். நேர்கோட்டு முறையில் முதல் ஆண்டுத் தேய்மானம்? இரண்டு லட்சத்தில் இருபதாயிரம் போக 1,80,000, அதை ஆறால் வகுத்தால் 30,000. அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதம்தான், ஆகவே 15,000. தப்பு விடைகள்: இறுதி மதிப்பைக் கழிக்க மறந்தால் 16,667, லாரி, மேடைச் செலவை விட்டுவிட்டால் 13,333, ஆறு மாதத்தைக் கவனிக்காவிட்டால் 30,000. விதிப்படி எல்லாமே சரிதான்.

அவள் கேள்வியை முழுசாகப் படிக்கக்கூட இல்லை. "பதினஞ்சாயிரம்" என்றாள். எப்படி என்று கேட்டேன். "மாமா, ரெண்டுதான் முழு ரூபாயா இருக்கு. அக்டோபர்னு தேதி குடுத்திருக்கீங்க, அப்ப பாதி." கேள்வி போட்டவன் எப்போதும் சரியான விடையைத்தான் முழு எண்ணாக வரும்படி வைப்பான் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

காலத்தை 10 ஆண்டாக மாற்றினேன். இப்போது சரியான விடை 9,000. இறுதி மதிப்பைக் கழிக்காவிட்டால் 10,000. செலவுகளைச் சேர்க்காவிட்டால் 8,000. முழு ஆண்டாக எடுத்தால் 18,000. எல்லாமே முழு ஆயிரங்கள். இனிக் கணக்குப் போடாமல் தப்பிக்க முடியாது.

அடுத்தது குறைந்து செல் மதிப்பு முறை. அவள் வாயில் அது டபிள்யூ.டி.வி. விகிதம் 20 சதவீதம் என்று கொடுத்தேன், ஸ்லைடிலும் அதுதான் இருந்தது. கேள்வி: இரண்டாம் கணக்காண்டான 2023-24க்குத் தேய்மானம் எவ்வளவு? முதல் ஆறு மாதத்துக்கு இரண்டு லட்சத்தில் 20 சதவீதத்தில் பாதி, 20,000. மீதி 1,80,000. அதில் 20 சதவீதம் 36,000. அவளும் 36,000 என்று எழுதியிருந்தாள். டிக் அடித்தேன். அதற்கடுத்த ஆண்டுக்கு 28,800, அதையும் சரியாக எழுதியிருந்தாள். அதற்கும் டிக்.

தட்டுவடை செட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, எண்ணெய் படாமல் இருக்க அவளுடைய ரஃப் தாளை நகர்த்தினேன். அதன் முதல் வரியில் 2,00,000 கழித்தல் 20,000 என்று இருந்தது. சரிதானே, முதல் ஆறு மாதத் தேய்மானம் என்று நினைத்தேன். பக்கத்தில் சின்ன எழுத்தில் "ஸ்கிராப்" என்று எழுதியிருந்தாள்.

நின்றுவிட்டேன். அவள் செய்தது இது. நேர்கோட்டு முறையில் பழகிய கை, இதிலும் இறுதி மதிப்பான 20,000த்தை முதலிலேயே கழித்துவிட்டது. அது ஒரு தப்பு. கேள்வி 2023-24 பற்றி என்பதால் அதற்கு முந்தைய ஆறு மாதத்தைக் கவனிக்கவே இல்லை, அந்தத் தேய்மானம் போடப்படவில்லை. அது இன்னொரு தப்பு. விட்டுப்போன தேய்மானமும் 20,000, கழிக்கக் கூடாத இறுதி மதிப்பும் 20,000. ஒன்று போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. 1,80,000 என்ற சரியான தொகையிலிருந்து அவள் கணக்கு தொடங்கிவிட்டதால், அதற்குப் பிறகு எத்தனை ஆண்டு கேட்டாலும் விடை சரியாகவே வரும். விடையை மட்டும் பார்த்துத் திருத்துகிற எந்த வாத்தியாரும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. தட்டுவடை இல்லாவிட்டால் நானும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

தப்பு அவள் பேரில் பாதிதான். அந்த எண்களைத் தேர்ந்தெடுத்தவன் நான். இறுதி மதிப்பும் முதல் ஆண்டுத் தேய்மானமும் ஒரே தொகையாக இருக்கிற கணக்கைக் கொடுத்துவிட்டு, அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இறுதி மதிப்பை 10,000 ஆக்கினேன். கம்பெனிகள் சட்டம் 2013இன் இரண்டாம் அட்டவணையும் இறுதி மதிப்பு சாதாரணமாக அடக்க விலையில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றுதான் சொல்கிறது. இரண்டு லட்சத்தில் 5 சதவீதம் 10,000, அதனால் எண்ணும் இயல்பாக இருந்தது. நேர்கோட்டு முறைக் கேள்வியிலும் விடைகள் அதற்கேற்ப மாறின. ஆண்டுக்கு 19,000, முதல் ஆறு மாதத்துக்கு 9,500. குறைந்து செல் மதிப்புக் கேள்விக்கு விடைத்தாளில் இப்படி எழுதினேன்:

> 36,000 சரி. 2,00,000இல் ஆறு மாதத்துக்கு 20,000 போக 1,80,000, அதில் 20%.
> 40,000 வந்திருந்தால்: முந்தைய ஆறு மாதத்தை விட்டுவிட்டாய்.
> 38,000 வந்திருந்தால்: ஆறு மாதத்தையும் விட்டாய், இறுதி மதிப்பையும் கழித்துவிட்டாய்.
> 32,000 வந்திருந்தால்: முதல் ஆண்டை முழு ஆண்டாக எடுத்துவிட்டாய்.

விடைத்தாளில் சரியான வழியை மட்டும் விளக்கினால், தப்பு செய்த பிள்ளை அதைப் படித்துவிட்டு "ஆமாம், இப்படித்தான் நானும் போட்டேன்" என்று போய்விடும். தன் எண்ணைத் தாளில் பார்த்தால்தான் நிற்கும்.

அவள் கேட்டாள், "அது ஏன் மாமா, ஸ்ட்ரெய்ட் லைன்ல கழிக்கிறோம், இதுல கழிக்கக் கூடாது?" ஸ்லைடில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. நானும் அந்த நேரத்தில் "விகிதத்துக்குள்ளேயே அது இருக்கு கண்ணு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் ஆபீசில் விடைகளைச் சரிபார்க்க எக்ஸெலைத் திறந்தபோது என் பதில் எனக்கே உதைத்தது. எக்ஸெலில் இதற்கென்று ஒரு ஃபார்முலா உண்டு:

```
=DB(200000,10000,10,1,6)
```

அடக்கம், இறுதி மதிப்பு, ஆண்டு, எத்தனையாவது கணக்காண்டு, முதல் கணக்காண்டில் எத்தனை மாதம். 20,000 வரவேண்டும் என்று பார்த்தால் 25,900 வந்தது. விடைத்தாள் தப்போ என்று இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் புரிந்தது. எக்ஸெல் என்னுடைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை. அதை நான் கொடுக்கவும் இல்லை. இரண்டு லட்சம் பத்தே ஆண்டில் பத்தாயிரமாகக் குறைய என்ன விகிதம் வேண்டும் என்று அதுவே கண்டுபிடித்துக்கொண்டது:

```
r = 1 - (s/c)^(1/n)
```

s இறுதி மதிப்பு, c அடக்கம், n ஆண்டுகள். நம் எண்களைப் போட்டால் 25.9 சதவீதம் வரும். இறுதி மதிப்பு விகிதத்துக்குள் இருக்கிறது என்று நான் சொன்னது இதற்குத்தான் பொருந்தும். ஒவ்வொரு ஆண்டும் மீதியில் 25.9 சதவீதம் எடுத்துக்கொண்டே போனால் பத்தாம் ஆண்டின் முடிவில் மீதி நிற்பது ஏறக்குறைய அந்தப் பத்தாயிரம்தான். முதலிலேயே கழித்துவிட்டு இந்த விகிதத்தையும் போட்டால், ஒரே தொகையை இரண்டு தடவை கழித்ததாகும்.

அப்படியானால் ஸ்லைடின் 20 சதவீதம் எங்கிருந்து வந்தது? இரண்டு பக்கம் பின்னால் போனால் விடை இருந்தது. பத்து ஆண்டு என்றால் நேர்கோட்டு விகிதம் ஆண்டுக்கு 10 சதவீதம். அதை இரட்டிப்பாக்கினால் 20. அமெரிக்கப் பாடப்புத்தகங்களில் இந்த இரட்டிப்பு முறைக்குத்தான் அதிக இடம். அதிலும் இறுதி மதிப்பை முதலில் கழிப்பதில்லை. புத்தக மதிப்பு அதற்குக் கீழே போகாமல் கடைசியில் நிறுத்திக்கொள்வார்கள். நம் எண்களில் அந்த எல்லைக்கே வேலை இல்லை. பத்து முழு ஆண்டு 20 சதவீதம் போட்டாலும் 21,475 ரூபாய் மீதி நிற்கும், பத்தாயிரத்தைத் தொடாது.

ஆக, பெயர் ஒன்றுதான், விகிதம் வருகிற வழி மூன்று. கேள்வியிலேயே விகிதம் கொடுத்திருப்பார்கள், அல்லது ஃபார்முலாவில் கண்டுபிடிக்க வேண்டும், அல்லது இரட்டிப்பாக்க வேண்டும். மூன்று வழியிலும் இறுதி மதிப்பை முதலில் கழிப்பது கிடையாது. இதை ஒரு கேள்வியாகவே ஆக்கினேன். விகிதத்தைக் கொடுக்காமல், காலத்தையும் இறுதி மதிப்பையும் மட்டும் கொடுத்து, விகிதத்தைக் கேட்டேன். இரட்டிப்பாக்கி 20 என்று எழுதினால் எந்தப் பக்கத்தைப் பார்த்துப் படித்தாள் என்று தெரிந்துவிடும்.

இப்போது பல்ப்பர் ஏன் நல்ல மெஷின் என்பதற்கு வருகிறேன். ஸ்டாக் பார்க்கப் போன அன்றைக்கு எஸ்டேட் கணக்குப்பிள்ளை என்னிடம் கேட்டார், "ஏனுங்க, எட்டு மாசம் சும்மா நிக்கற மெஷினுக்கும் பன்னெண்டு மாசத் தேய்மானம் போடறீங்களே, எந்த ஊர் நியாயமுங்க?" அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். நியாயமான கேள்வி. நேர்கோட்டு முறையிலும் குறைந்து செல் மதிப்பு முறையிலும் மெஷின் சும்மா நின்றால் தேய்மானம் நிற்காது. காலம் ஓடுகிறதே, துரு ஏறுகிறதே. திருத்தப்பட்ட கணக்குத் தரநிலை 10ம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஓட்டத்தை வைத்துப் போடுகிற முறையில், ஓடாத காலத்துக்குத் தேய்மானம் பூஜ்யமாக இருக்கலாம் என்றும் அதே தரநிலை சொல்கிறது.

இதை இயந்திர மணி நேர முறைக் கேள்வியாக்கினேன். பல்ப்பர் தன் ஆயுளில் மொத்தம் 3,800 மணி நேரம் ஓடும் என்று மதிப்பிடுகிறார்கள். 2022-23இல் 420 மணி நேரம் ஓடியது. தேய்மானம்? இரண்டு லட்சத்தில் பத்தாயிரம் போக 1,90,000. அதை 3,800ஆல் வகுத்தால் மணிக்கு 50 ரூபாய். 420 மணிக்கு 21,000.

அவள் 10,500 என்று எழுதினாள். அந்தத் தப்பு நான் எதிர்பார்த்ததுதான், விடைகளில் வைத்தும் இருந்தேன். அக்டோபர் 1 என்ற தேதியைப் பார்த்ததும் கை தானாகப் பாதியாக்குகிறது. மெஷின் ஓடிய மணி நேரத்தை எண்ணியாகிவிட்டது, அதற்கு மேல் மாதக் கணக்கு எதற்கு? பல்ப்பரில் இந்தத் தப்பு இன்னும் நன்றாகத் தெரிகிறது. நாட்காட்டிப்படி அதற்கு அது அரை ஆண்டு. ஆனால் பழம் வருகிற காலம் முழுவதும் அந்த அரை ஆண்டுக்குள்தான் இருக்கிறது. முதல் ஆறு மாதத்திலேயே ஒரு முழு ஆண்டு வேலையை அது செய்து முடித்துவிட்டது. நேர்கோட்டு முறை 9,500 என்கிறது, மணி நேர முறை 21,000 என்கிறது. கணக்குப்பிள்ளை கேட்ட நியாயம் இதற்குள்தான் இருக்கிறது, அவருக்குச் சாதகமாகத்தான் முடியும் என்று மட்டும் சொல்ல முடியாது.

(காப்பிச் செடிக்குத் தேய்மானம் உண்டா என்று அவள் இடையில் கேட்டாள். நிலத்துக்குக் கிடையாது, பல ஆண்டு காய்க்கிற செடிக்கு உண்டு, பறித்த பழம் சரக்கு. ஒரே ஏக்கரில் மூன்று கணக்கு. அதைக் கேள்வியில் சேர்க்கவில்லை, ஸ்லைடில் இல்லாததால்.)

விற்பனைக் கேள்வி சுருக்கமானது, ஆனால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு என்னை விடவில்லை. 20 சதவீதக் குறைந்து செல் மதிப்பு முறையில் 2024 ஏப்ரல் 1 அன்று பல்ப்பரின் புத்தக மதிப்பு 1,44,000. செப்டம்பர் 30 அன்று 1,30,000க்கு விற்கிறார்கள். லாபமா, நட்டமா? விற்ற தேதி வரைக்கும் ஆறு மாதத் தேய்மானம் 14,400 போட வேண்டும். மதிப்பு 1,29,600 ஆகிறது, லாபம் 400 ரூபாய். தேய்மானத்தைப் போடாமல் விட்டால் 14,000 நட்டம். தப்பு செய்தால் விடையின் அளவு மட்டும் மாறினால் போதாது, லாபம் நட்டமாகவே மாற வேண்டும் என்று வேண்டுமென்றே அந்த விற்பனை விலையை வைத்தேன்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானே மாமா" என்றாள். "14,400 தேய்மானம், 400 லாபம். கழிச்சா 14,000. அப்படியும் இப்படியும் அந்த வருஷ லாபம் 14,000தானே குறையுது?" உண்மைதான். அந்த ஆண்டின் நிகர லாபத்தில் ஒரு பைசா வித்தியாசம் வராது. வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், மெஷினை ஓட்ட ஆன செலவு எவ்வளவு, விற்றதில் கிடைத்தது எவ்வளவு என்று கணக்கைப் படிக்கிறவன் பார்க்கிற இடத்தில். மலிவாக விற்று ஏமாந்தார்கள் என்று ஒரு கணக்கு சொல்லும், சரியான விலைக்குத்தான் விற்றார்கள் என்று இன்னொன்று சொல்லும். இந்தக் கேள்விக்கு விடைத்தாளில் அவள் சொன்னதையும் சேர்த்து எழுதினேன். திருத்துகிறவர்கள் நிகர லாபத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை, இயந்திரக் கணக்கைப் பார்த்துத்தான் போடுகிறார்கள் என்பதையும்.

மூன்றாம் சாயங்காலம் முழுவதையும் ஒரே ஸ்லைடு சாப்பிட்டது. தேய்மான முறையை மாற்றுவது பற்றிய ஸ்லைடு. முறையை மாற்றினால் மெஷின் வாங்கிய நாளிலிருந்து புது முறையில் திரும்பக் கணக்கிட்டு, வித்தியாசத்தை லாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அதில் இருந்தது. கீழே கணக்குத் தரநிலை 6 என்று குறிப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஆனால் 2016இல் தரநிலை 10 திருத்தப்பட்டு வந்தபோது தரநிலை 6 போய்விட்டது. 2016 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்குகிற கணக்காண்டுகளில், முறையை மாற்றுவது மதிப்பீட்டை மாற்றுவது மாதிரி. பின்னால் போய்த் திருத்துவதில்லை. அன்றைக்கு மிச்சமிருக்கிற மதிப்பை, மிச்சமிருக்கிற காலத்துக்குப் பிரித்துப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். ஸ்லைடு பழசு, திருத்தாமலே ஆண்டுக்கு ஆண்டு வந்துகொண்டிருக்கிறது.

இரண்டு வழியில் விடை எவ்வளவு விலகும் என்று போட்டுப் பார்த்தேன். பல்ப்பரை விற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 2024 ஏப்ரல் 1 அன்று குறைந்து செல் மதிப்பிலிருந்து நேர்கோட்டு முறைக்கு மாற்றுகிறார்கள். இன்னும் 8 ஆண்டு ஓடும் என்று மறுபடி மதிப்பிடுகிறார்கள். இப்போதைய தரநிலைப்படி 1,44,000த்தில் இறுதி மதிப்பு 10,000 போக 1,34,000, அதை எட்டால் வகுத்தால் ஆண்டுக்கு 16,750. அவ்வளவுதான். பழைய ஸ்லைடின்படி, பத்து ஆண்டு என்ற முதல் மதிப்பீட்டையே வைத்துப் போனால், ஒன்றரை ஆண்டுக்குப் போட்ட 56,000க்குப் பதில் நேர்கோட்டில் 28,500தான் போட்டிருக்க வேண்டும், ஆகவே 27,500 கூடுதல் என்று லாபத்தில் வரவு வைத்துவிட்டு, இனி ஆண்டுக்கு 19,000. எந்த வேலையும் செய்யாமல் ஒரே நாளில் 27,500 ரூபாய் லாபம். அதைப் பார்த்தாலே பழைய முறையை ஏன் விட்டார்கள் என்று எனக்குப் புரிகிறது.

இதில் அவளுக்கு எந்த விடையைச் சொல்லிக்கொடுப்பது? இன்டர்னலில் கேள்வி போடுகிறவர் அந்த ஸ்லைடை எழுதியவரேதான். சரியானதைச் சொல்லிக்கொடுத்து மதிப்பெண் போனால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டாள். கடைசியில் கேள்வியை இரண்டாக உடைத்தேன். ஒன்றில் "வாங்கிய நாளிலிருந்து நடைமுறைக்கு வரும்படி" என்று வெளிப்படையாக எழுதினேன். பழைய கேள்வித்தாள்களில் அந்தச் சொற்றொடர் அப்படியே வரும், வந்தால் கேள்வி சொல்கிறபடி செய்ய வேண்டும். இன்னொன்றில் அந்தச் சொற்கள் இல்லை, தரநிலை 10இன்படி என்று எழுதினேன். அந்த வாக்கியம் இருக்கிறதா என்று முதலில் தேடு, அப்புறம் கணக்குக்குப் போ என்று விடைத்தாளில் குறித்தேன். வகுப்பில் சாரிடம் மரியாதையாக ஒரு தடவை கேட்டுவிடு என்றும் சொன்னேன். கேட்டாளா என்று தெரியாது.

புதன்கிழமை ராத்திரி தாளைச் சுத்தமாக எழுதிக் கொடுத்தேன். பத்தில் எட்டு சரியாகப் போட்டாள், ரஃப் தாளையும் சேர்த்து வாங்கிப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஒன்பதாவதை எழுதாமல் வைத்துக்கொண்டு என் கேள்வித்தாளின் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள்.

"மாமா, 1 அக்டோபர் வாங்கினதுன்னு போட்டிருக்கீங்க. மேடை போட்டு, காங்கிரீட் காஞ்சு, ஒயரிங் இழுக்கறதுக்குள்ள நவம்பர் ஆயிடாதா? அப்ப தேய்மானம் வாங்கின நாள்ல இருந்தா, ஓடறதுக்குத் தயாரான நாள்ல இருந்தா?"

ஓடத் தயாரான நாளிலிருந்துதான். தரநிலை 10 சொல்வதும் அதுதான், நானே முதல் விடையில் மேடைச் செலவைச் சேர்ப்பதற்குச் சொன்ன காரணமும் அதுதான். மேடையை அடக்கத்தில் சேர்த்துவிட்டு, மேடை காய்கிற நாளைக் கணக்கில் விட்டிருக்கிறேன். அவள் கேட்டபடி நவம்பர் 1 என்று வைத்தால் ஆறு மாதம் ஐந்தாகிறது, 20,000 போய் 16,667 ஆகிறது, அதற்குப் பின்னால் வருகிற எல்லா எண்ணும் குலைகிறது. பேனாவை வாங்கி "2022 அக்டோபர் 1 அன்று வாங்கியது" என்பதை அடித்துவிட்டு, "ஆகஸ்டில் வாங்கி, மேடை அமைத்து, 2022 அக்டோபர் 1 அன்று ஓடத் தயாரானது" என்று எழுதினேன். "இப்பச் சரி" என்று சொல்லிவிட்டு ஒன்பதாவதை எழுத ஆரம்பித்தாள்.